தேதி போடாத ராஜினாமா

ராஜினாமாக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நிஜமாகவே வேலையை விட்டுப் போகிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பாவம், நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, மேஜை இழுப்பறையில் கிடக்கும் சீப்பையும் தலைவலி மாத்திரையையும் பைக்குள் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்வது, "இதோ போகிறேன்" என்று அறிவித்து, செருப்பை மாட்டி, கதவைத் திறந்து, கைப்பிடியை மட்டும் விடாமல், "எங்கே போறீங்க, உட்காருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவரை.

சங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் இப்படி ஒருவராவது இருப்பார். இவருடைய கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். "கனத்த இதயத்துடன்" என்று ஆரம்பிக்கும். "சொந்தக் காரணங்களால்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு மூன்று பக்கம் அடுத்தவர்களின் காரணங்கள் வரும். யார் யாருக்கோ நகல் போகும். இத்தனையும் எழுதியவர் ஒன்றை மட்டும் எழுத மாட்டார். எந்தத் தேதியிலிருந்து போகிறார் என்பதை. கேட்டால், அதெல்லாம் அவர்கள் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும் என்பார். அவர்கள் போட்டுக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இவர் யோசித்திருக்கவே மாட்டார்.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். காலையில் ஒன்பது மணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய், சக்கரத்தில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவர் தொழில். சனி, ஞாயிறுகளில் மாவட்டக் கால்பந்து நடுவர் குழுவில் நடுவர். இருபத்தாறு வருடங்கள். மைதானத்தின் ஓரத்திலிருந்து வாரம் தவறாமல் யாராவது ஒருவர் "கண்ணாடி போடுய்யா" என்று கத்துவார். வாரம் முழுக்கக் கண்ணாடி போட்டுத்தான் சாப்பிடுகிறோம் என்று மாமா திரும்பிப் பார்க்காமல் ஓடுவார். உண்மையில் அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கால்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

மாமா ஏற்கெனவே நான்கு முறை ராஜினாமா செய்தவர். முதல் முறை, இறுதி ஆட்டத்தில் விசிலுக்குப் பதிலாகக் கையில் கொடியைக் கொடுத்துக் கோட்டோரம் நிற்கச் சொன்னதற்காக. இரண்டாம் முறை, ஆட்டத்தைப் பார்த்து நடுவருக்கு மதிப்பெண் போட வந்த மதிப்பீட்டாளர், பத்துக்கு ஏழு புள்ளி நாலு போட்டு, "விசில் சற்று அதிகம்" என்று எழுதியதற்காக. மூன்றாம் முறை, நடுவர்களுக்கு வந்த புதுச் சட்டை கிளிப்பச்சையாக இருந்ததற்காக. நான்காம் முறை எதற்கு என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் மிகவும் மனம் நொந்துபோயிருந்தார் என்று மட்டும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். அப்போது செயலாளராக இருந்தவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த பெரிய மனிதர், உடம்பாலும் மனதாலும். கடிதம் கிடைத்த மறுநாள் சாயங்காலம் வியர்த்து வழிய வருவார். சோபாவில் அவர் உட்கார்ந்ததும் மறுமுனை கொஞ்சம் எழும்பும். முதல் காப்பியில் வெயிலைப் பற்றிப் பேசுவார். இரண்டாவது காப்பியில், நீங்க இல்லாம குழு ஏது என்பார். மாமா இரண்டு தடவை மறுப்பார். மூன்றாவது தடவை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உங்க முகத்துக்காக" என்பார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழிப்பார். அக்கா குப்பைக் கூடையை அவர் கையெட்டும் தூரத்தில் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருப்பாள்.

அந்தப் பெரியவர் மகனோடு இருக்கப் போகிறேன் என்று ஊரை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த செயலாளர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். பத்து வருடம் கொடி பிடித்தவர், பிறகு விசில் ஊதியவர். மருந்துக்கடைக்காரரின் குணம் உங்களுக்குத் தெரியும். சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்று ஆராய மாட்டார்கள். மாமாவின் ஐந்தாவது ராஜினாமா இவர் கையில்தான் போய் விழுந்தது.

அதற்குக் காரணமான சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டக் கோப்பையின் அரை இறுதி. எழுபத்தொன்றாவது நிமிடம். ஒன்றுக்குச் சைபர் என்று முன்னால் இருந்த அணியின் பெனால்டி பகுதிக்குள் கோலை நோக்கிப் போன பந்தை, அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் குறுக்கே பாய்ந்து தடுத்தார். கையால் தடுத்தார் என்று மாமா விசில் ஊதினார். கோலுக்குப் போகும் பந்தை வேண்டுமென்றே கையால் தடுத்தால் சட்டப்படி பெனால்டி, கூடவே சிவப்பு அட்டை. இரண்டையும் கொடுத்தார். அந்தத் தடுப்பாட்டக்காரர், வாரநாட்களில் பார்சல் வேன் ஓட்டுகிறவர், நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டியபடியே வெளியே போனார். பெனால்டியைக் கோல்கீப்பர் பிடித்துவிட்டார். பத்துப் பேரோடு அந்த அணி மீதி நேரத்தைச் சமாளித்து, ஜெயித்து, இறுதிக்கும் போய்விட்டது. ஆனால் சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. அடுத்த ஆட்டம்தான் இறுதி ஆட்டம். வேன் டிரைவருக்கு வயது முப்பத்துநாலு. அவர் இதற்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தையும் கண்டதில்லை.

பந்து கையில் பட்டதா, நெஞ்சில் பட்டதா? கோட்டோரம் கொடி பிடித்தவருக்கு இரண்டு ஆட்டக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். கைபேசியில் படம் பிடித்தவரோ வேன் டிரைவரின் முதுகைத்தான் பிடித்திருந்தார். ஆக, பார்த்தவர் மாமா ஒருவர்தான். எங்கிருந்து பார்த்தார்? அங்கேதான் வில்லங்கம். எதிரணி தன் பகுதியிலிருந்து நீளமாக ஓர் உதை கொடுத்து, மூன்றே நொடியில் இந்தக் கோடிக்கு வந்துவிட்டது. மாமா வந்துகொண்டிருந்தார். மதிப்பீட்டாளரின் அறிக்கையில் இரண்டு வரி இருந்தது: "71ஆவது நிமிடம். நடுவர் சம்பவத்திலிருந்து சுமார் நாற்பது மீட்டர் பின்னால் இருந்தார். முடிவு நம்பும்படியாக இல்லை."

அந்த அறிக்கை வந்த மறுநாளே இறுதி ஆட்டத்துக்கான நியமனப் பட்டியலும் வந்தது. மாமாவின் பெயர் நான்காம் நடுவர் என்ற இடத்தில் இருந்தது. நான்காம் நடுவரின் வேலை, ஆள் மாற்றும்போது எண் பலகையைத் தூக்கிக் காட்டுவது, கூடுதல் நேரம் எத்தனை நிமிடம் என்று காட்டுவது, இரண்டு பக்கத்துப் பயிற்சியாளர்களையும் அவரவர் இடத்தில் உட்கார வைப்பது. மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன்; குடும்பத்தின் கடிதங்கள் எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வடிவம் ஏழு பக்கம். ஊதிய ஆட்டங்கள் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம், காட்டிய சிவப்பு அட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, மழையில் நடத்தியவை, கல்லெறிக்கு நடுவே நடத்தியவை, கிளிப்பச்சைச் சட்டை, ஏழு புள்ளி நாலு. இருபத்தாறு வருடத்தில் இறுதி ஆட்டத்துக்கு ஒரு தடவைகூட விசில் தரப்படவில்லை என்று வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நானும் அங்கே பேனாவைச் சற்று நிறுத்தினேன். கேலி செய்கிறவனுக்கும் மனசு இருக்கிறது.

எழுபத்தொன்றாவது நிமிடத்தைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அது எதற்கு என்றார். பதிவு எண், தரம், கைவசமுள்ள ஆட்டங்கள், கொடுக்க வேண்டிய அறிக்கைகள், திருப்பித் தர வேண்டிய சாமான்கள் இதெல்லாம் ஒரு ராஜினாமாவில் இருக்க வேண்டாமா என்றேன். அதெல்லாம் ஆபீஸ் வேலை என்றார். தேதி? "போட வேணாம் மாப்ளே. பெரிய மனுஷங்க பேசி முடிச்சுக்கட்டும்."

ஏழு பக்கத்தை மூன்றாக வெட்டினேன். "இக்கணம் முதல் குழுவுக்குப் பணியாற்ற இயலாதவனாக இருக்கிறேன்" என்ற வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். தலைவருக்கு ஒரு நகல், பொருளாளருக்கு ஒன்று, பதினோரு கிளப்புகளுக்கும் ஆளுக்கொன்று.

பிறகு காத்திருப்பு. ஐயா, ராஜினாமாக்காரரின் உண்மையான பருவம் இதுதான். சோபா உறை மாறியது. கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்தார். சமாதானம் பேசக் குழுக்காரர்கள் வந்ததும் அக்கா உள்ளேயே இருக்க வேண்டும், தான் இரண்டாம் தடவை மறுத்த பிறகுதான் வெளியே வந்து, "எல்லாரும் இவ்ளோ சொல்றாங்களே" என்று ஒரு வார்த்தை போட வேண்டும் என்று சொல்லி வைத்தார். முன்கூட்டியே வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடுமாம். அக்கா சரியென்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தாள். முதல் நாள் கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தார். இரண்டாம் நாள் யாருமே வரவில்லை. மாமா கைபேசியை எடுத்து, மணி அடிக்கிறதா என்று பார்க்க, என்னைத் தன் எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னார். அடித்தது.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மருந்துக்கடை அம்மாள் அனுப்பியது. ஒரு பக்கம், வரிசையாக எண் போட்டு. தங்கள் ராஜினாமா கிடைத்தது. விலகும் தேதி குறிப்பிடப்படாததால், விதிப்படி குழு கூடி ஏற்கும் நாளே விலகும் நாளாகும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம். அதற்கு முன் எழுத்தில் கேட்டால் கடிதத்தைத் திரும்பப் பெறலாம், ஏற்றபின் முடியாது. "இக்கணம் முதல் இயலாது" என்று எழுதியிருப்பதால் இறுதி ஆட்டத்துக்கு வேறு நான்காம் நடுவரை நியமித்தாயிற்று. சட்டைச் சின்னம், அடையாள அட்டை, கொடிகள் ஒரு ஜோடி, இவற்றைத் திருப்பித் தர வேண்டும். இருபத்தாறு வருடச் சேவைக்குக் குழு தலைவணங்குகிறது. அந்த வரியை மாமா விரலால் தடவிப் பார்த்தார்.

ஆனால் கடைசியாக இன்னும் ஒன்று இருந்தது. அரை இறுதியின் சிவப்பு அட்டையை எதிர்த்து வேன் டிரைவரின் கிளப் மனுக் கொடுத்திருந்தது. விசாரணை வியாழக்கிழமை ஐந்து மணி. சம்பவம் நடந்தபோது குழுவில் இருந்தவர் என்பதால், விலகினாலும் நடுவர் வந்து பதில் சொல்ல வேண்டும். தவிர, ஆட்டம் முடிந்த மறுநாள் மாமா அனுப்பிய அறிக்கை பூர்த்தியாக இல்லை. அதில் "சம்பவத்தின்போது நடுவர் இருந்த தூரம்" என்ற கட்டத்தில் "போதிய அருகில்" என்று எழுதியிருந்தார். அம்மாள் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். போதிய அருகில் என்பது அளவல்ல. தயவுசெய்து மீட்டரில் எழுதவும்.

இப்போது புரிகிறதா, மூன்று பக்கக் கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்று? ஒரே ஓர் எண்ணை எழுதாமல் தப்பிப்பதற்காக. மாமா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தான் அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது. இந்த இனத்தின் விசேஷமே அதுதான். காரணத்தைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைத்துவிட்டு, ஊர் முழுக்க நகல் அனுப்புவார்கள்.

மாமா அம்மாளுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ரொம்ப நேரம் சட்டம் பேசினார். நடுவர் ஒரு முடிவு கொடுத்து, ஆட்டம் மறுபடி ஆரம்பித்துவிட்டால் அந்த முடிவை மாற்ற முடியாது; அது அவருக்கு வேதவாக்கு; எத்தனையோ பேருக்கு அவரே அதைச் சொல்லியிருக்கிறார். பெனால்டி அடித்தாயிற்று, ஆட்டம் முடிந்தாயிற்று, இனி அதில் கை வைக்க என்ன இருக்கிறது என்றார். அம்மாள் கடையில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஆட்டத்துல மாத்த முடியாது சார். ரிப்போர்ட்ல மாத்தலாம்."

வேறொன்றும் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினாள். தெருவில் மாமா துணி அளக்கும் நாடாவை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து அளந்துகொண்டிருந்தார். அக்கா வீட்டு வாசல் கதவிலிருந்து சரியாக நாற்பது மீட்டரில், எதிர்வரிசையில் சைக்கிள் கடை. சைக்கிள் கடைக்காரரைப் பந்தோடு நிற்கச் சொல்லிவிட்டு, இங்கே வாசலில் வந்து நின்று, அதை நெஞ்சில் பிடி, இப்போது கையால் பிடி என்று சைகை காட்டினார். அந்த மனிதரும் வேலையை விட்டுவிட்டுப் பிடித்தார். பத்துத் தடவை. இது கண் பரிசோதனை என்று நினைத்து, ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்துகொடுக்கும் ஆளுக்கே கண் போய்விட்டதே என்று அவர் அன்று முழுவதும் வருத்தப்பட்டாராம்.

அதோடு நிற்கவில்லை. கதவிலிருந்து சைக்கிள் கடை வரை ஓடிப் பார்த்தார். அடுத்த பருவத்துக்குக் குழுவில் இருக்க வேண்டுமானால் மூன்று வாரத்தில் ஓட்டத் தேர்வு உண்டு. நாற்பது மீட்டரை ஆறு தடவை முழு வேகத்தில் ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான் ஓய்வு. அது முடிந்தால் எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம், இருபத்தைந்து மீட்டர் நடை என்று விசிலுக்கு விசில் மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று. மாமா மூன்று தடவை ஓடினார். நான்காவது தடவை பாதியில் நின்று, நின்றது தெரியாமல் இருக்க, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அவர் காலில் செருப்பே இல்லை, ஷூ. அதுவும் வார் இல்லாத ரகம்.

"இதை எழுதிடாதே" என்றாள் அக்கா. எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மாமாவை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மாடியில் ஒரு நீள அறை. மூலையில் மைதானத்து மூலைக் கொடிகள் கட்டாகச் சாய்ந்திருந்தன. அலமாரிக்குள் காதுடைந்த கோப்பைகள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். கடைசியில் அம்மாள், குறிப்பெடுக்க. ஓரத்து நாற்காலியில் வேன் டிரைவர், வேலை உடுப்போடு, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு. மாமா இரண்டு காகிதங்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, திருத்திய அறிக்கை. இன்னொன்று அவர் சட்டைப் பையில் இருந்தது. ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். எந்த நேரத்தில் எதை எடுப்பார் என்று எனக்கே தெரியாது.

அறிக்கையைப் படிக்கச் சொன்னார்கள். நாலு வரி. ஆட்ட அறிக்கையில் நடந்ததை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது என்பார் மாமா. அப்படித்தான் இருந்தது. எழுபத்தொன்றாவது நிமிடத்தில் நான் சம்பவத்திலிருந்து நாற்பது மீட்டர் தூரத்தில், நேர் பின்னால் இருந்தேன். ஆட்டக்காரரின் கை உயர்ந்ததைப் பார்த்தேன். பந்து கையில் பட்டதை நான் பார்க்கவில்லை. பட்டிருக்கும் என்று முடிவு செய்து அட்டை காட்டினேன்.

மூவரில் ஒருவர், இது ஆட்ட முடிவைப் பாதிக்காது, தண்டனையை மட்டும் நீக்கலாம் என்று விதியைப் படித்தார். அஞ்சே நிமிடம். சிவப்பு அட்டையின் தண்டனை ரத்து. வேன் டிரைவர் இறுதியில் ஆடலாம். அவர் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

அம்மாள் மாமாவின் பக்கம் திரும்பினார். ஆறு மணிக்குக் கூட்டம், கடிதத்தை வைக்கவா, திரும்பக் கொடுக்கவா என்று கேட்டார். இதோ, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர், மாமா விடாமல் பிடித்திருக்கும் கதவுக் கைப்பிடியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். மாமா பேனாவைக் கேட்டு வாங்கி, மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். மிச்சத்தில் பதிவு எண்ணை எழுதினார், அன்றைய தேதியைப் போட்டார், கொடி ஜோடியையும் சின்னத்தையும் மேஜை மேல் வைத்தார். அம்மாள் கொடிகளை எண்ணினார். இரண்டு. ரசீது எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படியில் வேன் டிரைவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் சொன்ன வார்த்தையைக் கேட்பதற்காகவே மாமா ஐந்து ராஜினாமா எழுதியிருக்கிறார், சோபா உறை மாற்றியிருக்கிறார்.

"போகாதீங்க சார். தப்புன்னு எழுதிக் குடுக்கிற ஆளு வேற யாரு இருக்கா?"

ஆறு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. மேலே ஏறினால் பன்னிரண்டு படி. மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை உங்கள் முகத்துக்காக என்று சொல்வதற்கு இதைவிட நல்ல முகம் கிடைக்காது. பையிலிருந்து கை வெறுமையாக வந்தது. அதை வேன் டிரைவரின் தோளில் வைத்தார்.

"என்னால இப்ப ஓட முடியல தம்பி. அதான் போறேன்."

அக்காவிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லாததை, பதினோரு கிளப்புக்கும் நகல் போட்டு எழுதாததை, தான் தப்பாக வெளியே அனுப்பிய ஆளிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மெதுவாகத்தான் இறங்கினார். வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. இருந்தும் அதைப் பையில் தேடுவதாகப் பாவனை செய்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு மாமா, அக்கா, நான் மூவரும் டிக்கெட் வாங்கிப் போனோம். மாமா ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்கே கை வைப்பது என்று தெரியாமல் முதல் பாதி முழுக்கத் தவித்தார். இரண்டாம் பாதியில் எழுந்து நின்று நடுவரைப் பார்த்து, "கிட்டப் போய்ப் பாருய்யா" என்று கத்தினார். கத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை, முன்னைவிடப் பலமாக. வேன் டிரைவரின் அணி தோற்றது. அவர் தொண்ணூறு நிமிடமும் ஆடினார்.

சரி, என் அக்கா வீட்டுக்காரரை விடுங்கள். நீங்கள் எப்படி? போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து பொறுக்க முடியாமல் வெளியேறினீர்களே. அதற்குப் பிறகு, உங்களைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று வீட்டிலுள்ள இன்னொருவர் கைபேசியில் எத்தனை தடவை பார்த்தீர்கள்? நான் பதினேழு தடவை பார்த்தேன். ஒருவர் காலை வணக்கம் போட்டிருந்தார், அவ்வளவுதான். அதனால் அடுத்த முறை உங்களுக்குப் போகத் தோன்றினால், கனத்த இதயத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, போகும் காரணத்தை ஒரே வரியில், "நான்" என்று தொடங்கி எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் தாராளமாகப் போகலாம். வராவிட்டால் பேசாமல் உட்காருங்கள். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை.